நாலு நிமிஷம் கூடக் குறைய

என் வேலை என்னவென்று என் மகளுக்கு ஒரு முறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீ ஃபோட்டோவைப் பார்த்துக் குத்துமதிப்பா நம்பர் சொல்ற. அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்றாள். இத்தனை வருடத்தில் என் தொழிலைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

வரைபடம் இருக்கும், அதற்குப் பின்னால் இருந்த எண்கள் தொலைந்திருக்கும். யாராவது கூட்டத்தில் திரையில் வந்த பட்டை வரைபடத்தைக் கைப்பேசியில் எடுத்திருப்பார்கள், பாதி படத்தை முன்வரிசைக்காரரின் வழுக்கைத் தலை மறைத்திருக்கும். அதைக் கொண்டுவந்து "இதிலிருந்து எண்ணை எடுத்துக் கொடு" என்பார்கள். அச்சில் தெரிந்த புள்ளிகளைக் கணினிக்குக் காட்டி, இது பூஜ்யம், இது இருபது என்று சொல்லிக் கொடுப்பேன். சாய்வாக எடுத்த படம் என்றால் நான்கு மூலைகளைக் காட்டி நிமிர்த்துவேன். பிறகு கோட்டின் மேல் எறும்பு ஊர்வதுபோல் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு புள்ளியும் எண்ணாக மாறும். கடைசியில், இந்த எண் எவ்வளவு தூரம் தப்பாக இருக்கலாம் என்பதையும் எழுத வேண்டும். இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம். அதை எழுதாத எண்ணை நான் வெளியே விடுவதில்லை. இதனால் எனக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் தோராயம். வீட்டில் பொருத்தம் இன்னும் அதிகம். எத்தனை மணிக்கு வருவாய் என்று மனைவி கேட்டால் நான் இரண்டு எண் சொல்வேன். அவள் இரண்டாவதற்குத்தான் உலை வைப்பாள்.

டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே காற்றடிக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். நானும், பக்கத்து மேசை அக்காவும். உறவில்லை, என்னைவிட மூத்தவர், அதட்டுவதற்கு அந்தத் தகுதி போதும் என்று நினைப்பவர். ஒவ்வொரு வரைபடத்தையும் நாங்கள் இருவரும் தனித்தனியாக, ஒருவர் திரையை ஒருவர் பார்க்காமல் படிப்போம். இரண்டு விடைகளும் எவ்வளவு விலகுகின்றன என்பதில் எங்கள் கைநடுக்கம் தெரிந்துவிடும்.

அந்தப் புகைப்படம் ஒரு தொழிலாளர் வக்கீல் வழியாக வந்தது. ஒரு ஆலையில் பாய்லர் வெடித்து, அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டார். பாய்லரின் அழுத்தத்தை ஒரு பேனா முள், ஓடும் தாளில் வரைந்துகொண்டே இருக்கும். தாள் நீளவாக்கில் நகரும். அதன் விளிம்பில் நேரம், அகலத்தில் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்குப் பூஜ்யத்திலிருந்து இருபது கிலோ வரை. தீயை அணைத்த தண்ணீரில் அந்தத் தாள் கூழாகிவிட்டது. அதற்கு முன் தீயணைப்புக்காரர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படம் எடுத்திருந்தார். நனைந்த தாள், ஃபிளாஷ் வெளிச்சம், சாய்ந்த கோணம். தாளில் அச்சிட்டிருந்த மெல்லிய கோடுகளெல்லாம் வெளுத்துப்போய், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் நேரக் குறிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. நடுவில் நீல மைக் கோடு ஒன்று ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் விழுந்திருந்தது.

விசாரணையின் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்த பாய்லருக்கு வரம்பு பத்து கிலோ. இரண்டு மணிக்குச் சங்கு ஊதி ஷிஃப்ட் மாறியது. பத்தைத் தாண்டியது சங்குக்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் பொறுப்பு இறந்தவருடையது. "கடமையில் கவனக்குறைவு" என்று எழுதி மூடிவிடுவார்கள், குடும்பத்துக்குப் போக வேண்டியது எதுவும் போகாது. முன்பு என்றால் பொறுப்பு முந்தைய ஷிஃப்ட்காரருடையது. தெரியவில்லை என்றால், வெடித்தபோது யார் கையில் இருந்ததோ அவர்தான்.

நான் படித்தேன், இரண்டு ஐந்து. அக்கா படித்தார், இரண்டு ஐந்தரை. தாளில் ஒரு மில்லிமீட்டர் ஒரு நிமிடம். மைக் கோட்டின் தடிமனுக்கு ஒரு நிமிடம், எங்கள் கைக்கு அரை, நனைந்த தாளின் நெளிவுக்கு இரண்டு, பதிவுக் கருவியின் கடிகாரத்துக்கு இரண்டு. எல்லாம் ஒரே பக்கமாகத் தப்பாகாது என்பதால் அவற்றை அப்படியே கூட்டுவதில்லை, வர்க்கத்தைக் கூட்டி மூலம் எடுப்போம். மூன்று வந்தது. இரண்டு மணி ஐந்து நிமிடம், மூன்று நிமிடம் கூடக் குறைய. எப்படிப் பார்த்தாலும் சங்குக்குப் பின்பு. அப்படியே விசாரணைக்கு அறிக்கை எழுதி அனுப்பினோம்.

"முடிஞ்சுது" என்றார் அக்கா. "செத்தவர் தலையிலதான்."

விடையைத் தெரிந்துகொள்ள இறந்தவரின் மனைவியை வக்கீல் எங்களிடமே அனுப்பிவிட்டார். கெட்ட செய்தி சொல்லும் வேலையை யாரும் கைக்காசு கொடுத்தாவது அடுத்தவரிடம் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். அந்த அம்மா வந்தார். கூடவே இறந்தவரின் அண்ணன். அண்ணனும் அதே ஆலையில், அதே பாய்லரில்தான். நெற்றியில் பழைய சூட்டுத் தழும்பு, பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமும் பழக்கம். உட்காரச் சொன்னேன். அந்த அம்மா உட்கார்ந்தார். அண்ணன் நின்றுகொண்டே இருந்தார்.

நான் சொன்னேன். இப்படிப்பட்ட நேரத்தில் எனக்கு வாய் அதிகம் ஓடும். மை, தடிமன், நெளிவு, வர்க்கமூலம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதுல அவர் செத்த இடம் எதுங்க?"

எனக்குக் காற்றுப் போயிற்று. கீழே டயரிலும் போயிற்று.

"காட்டுங்க. பார்க்கணும்."

கோடு விழும் இடத்தைப் பெரிதாக்கினேன். ஏறி ஏறி, பதினாலு கிலோவில் உச்சி. அங்கிருந்து பூஜ்யத்துக்கு. "இங்கே வெடிச்சிருக்கு" என்று உச்சியில் சுட்டியை வைத்தேன். அது இரண்டரை மணி. "இங்கே முள் விழுந்திருக்கு" என்று கோட்டோடு கீழே இறங்கினேன். இறங்க இறங்கச் சுட்டி இடது பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அடிவிளிம்பில் நின்றபோது திரையின் மூலையில் கணினி காட்டிய நேரம் இரண்டு இருபத்திரண்டு.

வெடித்தது இரண்டரைக்கு. அழுத்தம் பூஜ்யமானது அதற்கு எட்டு நிமிடம் முன்பு.

"என்னங்க?" என்றார் அந்த அம்மா.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்லும் மனிதனின் முகம் எப்படி இருக்கக் கூடாதோ அப்படி என் முகம் இருந்திருக்க வேண்டும். அக்கா தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"அக்கா, இந்தக் கோடு பின்னாடி போகுது."

"மை ஓடியிருக்கும்டா."

அதையேதான் நானும் முதல் நாள் நினைத்தேன். புள்ளிகளை எல்லாம் எடுத்ததும் "நேர வரிசையில் அடுக்கு" என்று கணினியைச் சொல்வது எங்கள் வழக்கம். அது சமர்த்தாக அடுக்கியது. விழுந்த கோட்டின் புள்ளிகள், ஏறும் கோட்டின் புள்ளிகளுக்கு இடையில் போய்க் கலந்து உட்கார்ந்துகொண்டன. ஈரத்தில் ஓடிய மை என்று அவற்றை நானே அழித்தேன். அக்கா உச்சியோடு நிறுத்திவிட்டார், கேள்வி அதுவரைதானே என்று. ஆனால் ஓடிய மை கலங்கலாக இருக்கும். இது சுத்தமான, மெல்லிய, வில் போல வளைந்த கோடு. கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்த முள் வரைந்தது.

முள் ஒரு கையின் நுனியில் இருக்கிறது, அந்தக் கை ஓர் ஆணியில் சுழல்கிறது. சுழலும் கை நேர்க்கோடு போடாது, வில்தான் போடும். அப்படியானால் அந்தத் தாளில் ஒரே நேரத்தைக் காட்டும் கோடுகள் நேராக இருக்கவே முடியாது, வளைந்துதான் இருக்கும். அந்த வளைந்த கோடுகள்தான் ஃபிளாஷில் வெளுத்துப் போயிருந்தன. வில்லின் இரண்டு நுனிகளும் ஒரே நேரத்தில்தான் இருக்கும் என்பதால் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒன்றுக்கொன்று பொருந்தி, நான்கு மூலைகளும் அழகாக உட்கார்ந்தன. தப்பு முழுக்க நடுவில். பத்து கிலோ இருப்பது சரியாக நடுவில்.

நானும் அக்காவும் அரை நிமிட வித்தியாசத்தில் ஒத்துப்போனோமே என்று பெருமைப்பட்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே சுவரில் முட்டிக்கொண்டால் தலையில் ஒரே இடத்தில்தான் வீங்கும்.

"ஐயா" என்று அண்ணன்காரரைப் பார்த்துக் கேட்டேன், "அந்தத் தாள்ல கோடு வளைஞ்சுதானே இருக்கும்?"

அவர் தொண்டையைச் செருமினார். "ஆமா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொல்ல அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. என் முட்டாள்தனத்தை ரசிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"வெறும் தாள் ஒண்ணு கிடைக்குமா? கம்பெனில கேட்டா தர மாட்டாங்க."

"எங்க வீட்டு அலமாரித் தட்டெல்லாம் அதான் விரிச்சிருக்கு" என்றார் அந்த அம்மா. "மிச்சம் விழுறதைக் கொண்டுவருவார்."

மறுநாள் இருவரும் வந்தார்கள். எண்ணெய்ப் பாத்திரம் வைத்த வட்டக்கறையோடு ஒரு தாள். அதில் வெளிர்பச்சையில், அடைப்புக்குறியை வரிசையாக அடுக்கியதுபோல், வலப்பக்கம் வளைந்த கோடுகள். என்னைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது. நடுவில் வில் எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்று அளந்தேன். எட்டரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். புகைப்படத்தில் முள் விழுந்த கோட்டை அதன் மேல் பொருத்திப் பார்த்தேன். அதே வில். அந்த மனிதர் போன கணத்தில் வரைந்த கோடுதான் எங்களுக்கு அளவுகோல்.

அக்காவைத் தனியே படிக்கச் சொன்னேன். இந்த முறை முதுகைக் காட்டிக்கொண்டு படித்தார். இருவருக்கும் விடை ஒன்று ஐம்பத்தாறை ஒட்டியே வந்தது. வில்லைப் பொருத்தியதில் வரக்கூடிய பிழை இன்னும் இரண்டு நிமிடம். பழைய பிழைகளோடு சேர்த்து மூன்றரை சொச்சம், மேல்நோக்கி முழுதாக்கினால் நாலு. ஒன்று ஐம்பத்தாறு, நாலு நிமிடம் கூடக் குறைய. ஒன்று ஐம்பத்திரண்டிலிருந்து இரண்டு மணி வரை. கடைசி நுனி மட்டும் சங்கைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"சங்குக்கு முன்னாடிம்மா" என்றேன். "உங்க வீட்டுக்காரர் வர்றதுக்கு முன்னாடியே தாண்டியிருக்கு. அவர் மேல தப்பில்ல."

அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் அழவில்லை, மைத்துனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னை முழங்கையால் இடித்தார். தொழிலில் நான் எண்களைப் பார்க்கிறவன், ஆட்களைப் பார்ப்பதில்லை. முந்தைய ஷிஃப்ட்காரர் யார் என்று நான் வக்கீலிடம் கேட்டதே இல்லை.

"அத்தான்" என்றார் அந்த அம்மா.

அவர் தொண்டையைச் செருமினார். "மாத்தும்போது முள்ளு ஏறித்தான்மா இருந்துச்சு. கொஞ்சம் ஏறியிருக்கு, இறக்கிக்கடான்னேன். சரிண்ணேன்னான். தோள்ல தட்டிட்டு வந்துட்டேன். டீ குடிக்க."

"நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றார் அந்த அம்மா.

"சொல்லத்தான் வந்தேன். இந்த சாரு கோடு பின்னாடி போகுது, வளையுதுன்னு பேசிட்டே இருந்தாரு."

இப்படி ஒரு நேரத்தில்கூட என் வாயின் மேல் பழி விழும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். குரல் கடையில் பேரம் பேசுவது போல மாறியிருந்தது.

"சார், அந்த நாலைப் பத்தாக்க முடியாதா?"

"என்னது?"

"கூடக் குறைய நாலுன்னு எழுதறீங்கல்ல. பத்துன்னு எழுதுங்க. உங்களுக்கு என்ன குறைஞ்சுபோகுது? எனக்கு அவ்வளவு திட்டமாத் தெரியாதுன்னுதானே சொல்றீங்க. அடக்கமாத்தானே இருக்கும்."

இத்தனை வருடத்தில் என்னிடம் பிழையைக் குறைக்கச் சொல்லி வந்தவர்கள் உண்டு. அதிகாரிகள், கம்பெனிக்காரர்கள், ஒருமுறை ஒரு பேராசிரியர். பெருக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதிலும் அது எவ்வளவு சுலபம்! ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். பெயரே தோராயம்.

"பத்துன்னு எழுதினா முன்பின் தெரியலைன்னு ஆயிடும்மா" என்றேன். "அப்புறம் உங்க வீட்டுக்காரர்தான் பொறுப்பு."

"செத்தவருக்கு வேலை போகுமா சார்?" என்றார். "இவருக்குப் போகும். உள்ள கூடத் தள்ளுவாங்க. இவர் சம்பளத்துலதான் ரெண்டு வீட்டு அடுப்பும் எரியுது. அவர் பேரு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியலைன்னா போகட்டும்."

"வேணாம்மா" என்றார் அண்ணன்காரர்.

"நீங்க சும்மா இருங்க."

"வேணாம்னா விடு. அவன் தூங்கிட்டான்னு எழுதுவாங்க. என் தம்பி வேலைல தூங்கினதில்ல. நான் தூங்கியிருக்கேன், அவன் எழுப்பிவிட்டிருக்கான்."

எனக்கு மனசு இளகிவிட்டது. அது என் பழைய வியாதி. "பார்க்கிறேம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர்கள் படியிறங்கியதும் அக்கா கேட்டார், "டேய் தோராயம், என்ன பார்க்கப்போற?"

"நேர்மையா இன்னும் ஒரு பிழை இருக்கான்னு பார்க்கப்போறேன். இருந்தா நாலு தானா ஏழாகும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி இல்ல."

இரண்டு நாள் தேடினேன். கைப்பேசி லென்ஸின் வளைவைப் பார்த்தேன். தாள் எவ்வளவு ஈரத்தில் எவ்வளவு நீளும் என்று அலமாரித் தாளின் ஒரு துண்டை நனைத்து அளந்தேன். அக்காவை இன்னும் ஆறு முறை படிக்கவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். எதுவும் நாலைத் தாண்டவில்லை. சொந்தப் பிழைக்காக இவ்வளவு ஆசையாகத் தவம் கிடந்தவன் நானாகத்தான் இருப்பேன். வேண்டிய நேரம் பார்த்து அது வரவில்லை.

ஆனால் தேடியதில் வேறொன்று வந்தது. கோட்டின் சரிவைக் கணக்கிட்டேன். எட்டு கிலோவிலிருந்து பத்து வரை ஏற எடுத்த நேரம் பதின்மூன்று நிமிடம். பத்திலிருந்து பன்னிரண்டு வரை, அதே பதின்மூன்று. அதற்கு மேலும் அப்படியே. கோடு பத்தைத் தாண்டும் இடத்தில் மடங்கவே இல்லை.

"அக்கா, பத்து கிலோவுல சேஃப்டி வால்வு திறக்கணும்ல?"

"திறந்தா ஆவி வெளியே போகும். ஏத்தம் குறையும்."

"இங்க குறையல."

அக்கா வந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நேரம் எத்தனை மணி என்பதில்தான் எங்களுக்கு நாலு நிமிடச் சந்தேகம். கடிகாரம் தப்பானாலும், தாள் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும், கோடு முழுக்கச் சேர்ந்தே நகரும். மடங்கியதா இல்லையா என்பது மாறாது. நடுத்தாளில் வில்லும் ஏறக்குறைய நிமிர்ந்தே இருக்கிறது. இரண்டு சரிவும் ஒன்றா என்று கேட்டால் பிழை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நேரத்தைவிட இதை நான் பலமடங்கு உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் இதை யாரும் கேட்கவில்லை.

"எழுது" என்றார் அக்கா. "கேட்காட்டி என்ன?"

எழுதினேன். முதல் பக்கத்தில், என் முந்தைய அறிக்கை தவறு, காரணம் இன்னது. இரண்டாம் பக்கத்தில், ஒன்று ஐம்பத்தாறு, நாலு நிமிடம் கூடக் குறைய. பத்து அல்ல, நாலு. கடைசிப் பக்கத்தில், வரம்பைத் தாண்டியபோது சரிவு மாறவில்லை, வால்வு திறந்ததற்கு இந்தக் கோட்டில் அடையாளம் இல்லை.

விசாரணை ஓர் அரசு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. மின்விசிறி ஓடினால் தாள் பறக்கும், ஓடாவிட்டால் ஆள் பறப்பான் என்ற வகை அறை. விசாரணை அதிகாரி களைத்த மனிதர். கம்பெனி வக்கீல் களைக்காத மனிதர். அந்த அம்மாவும் அண்ணன்காரரும் சுவரோர பெஞ்சில், நடுவே ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"போன வாரம் ரெண்டு அஞ்சுன்னு சொன்னீங்க, பிழை மூணு" என்றார் கம்பெனி வக்கீல். "இந்த வாரம் ஒண்ணு ஐம்பத்தாறு, பிழை நாலு. அடுத்த வாரம் எத்தனைக்கு வருவீங்க?"

"அடுத்த வாரம் லீவு சார்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அலமாரித் தாளை எடுத்துக் காட்டினேன். முள் விழுந்த வில்லை அதன் மேல் வைத்துக் காட்டினேன். பழைய கணக்குப்படி அழுத்தம் வெடிப்பதற்கு எட்டு நிமிடம் முன்பே பூஜ்யமாகிறது, அது நடக்காத காரியம் என்றேன். கம்பெனி வக்கீல் எண்ணெய்க் கறையை முகர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் இதில் பெரிய நஷ்டமில்லை. அண்ணனானால் என்ன, தம்பியானால் என்ன, ஒரு ஆள் கிடைத்தால் சரி.

"ஆக, சங்குக்கு முன்பு" என்றார் அதிகாரி. "உறுதியாகவா?"

"இருபதில் பத்தொன்பது தடவை அந்த எல்லைக்குள்ளதான் சார் இருக்கும். எல்லையோட கடைசி நுனி ரெண்டு மணியைத் தொடுது. அதுக்கு மேல போக எனக்குக் காரணம் கிடைக்கல. தேடினேன்."

'தேடினேன்' என்று சொல்லும்போது பெஞ்சின் பக்கம் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டேன்.

அதிகாரி கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். படித்தார். கம்பெனி வக்கீல் எழுந்துவிட்டார். "ஐயா, வால்வு இந்த விசாரணையோட எல்லைக்குள்ள வராது. எந்த ஷிஃப்ட் என்பது மட்டும்தான் கேள்வி."

"கேட்காத கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள்" என்றார் அதிகாரி என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். நல்ல நேர்க்கோடு. "இது பதிவில் சேராது."

அப்போது தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"நான் சொன்னா சேருமா?" அண்ணன்காரர் எழுந்து நின்றிருந்தார். "மாத்தும்போது பத்துக்கு மேலதான் இருந்துச்சு. அந்தக் கணக்கு சரி. என் தப்பு. வால்வு அடிக்கடி தூக்குதுன்னு, ஆவி வீணாப் போகுதுன்னு, கம்பி போட்டுக் கட்டச் சொன்னாங்க. கட்டினது நான். இத்தனை நாளா வாயைத் தொறக்கல, தொறந்தா நானும் மாட்டுவேன்னு. இப்பதான் மாட்டியாச்சே."

தட்டச்சுக்காரரின் கை நின்றுவிட்டது. அதிகாரி அவரைப் பார்த்துத் தலையசைத்தார். கை மறுபடியும் ஓடியது.

"ஆதாரம்?" என்றார் கம்பெனி வக்கீல். "வால்வு உருகிப்போச்சு."

"கோடு பத்துல மடங்கலைன்னு அந்த சார் எழுதியிருக்காரே" என்றார் அண்ணன்காரர்.

"அது அடிக்கப்பட்டுவிட்டது" என்றார் அதிகாரி.

அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இடி இடிக்கவில்லை. தீர்ப்பு பிறகு வந்தது. இறந்தவர் மேல் குற்றமில்லை. முந்தைய ஷிஃப்ட் இயக்குநர் பொறுப்பு, வேலைநீக்கம், மேல்நடவடிக்கைக்குப் பரிந்துரை. வால்வைப் பற்றிய பேச்சு ஓர் அடிக்குறிப்பில் இருந்தது. 'பொறுப்பாளரின் வாய்மொழி, உறுதிப்படுத்தப்படவில்லை.' ஆனால் அடிக்குறிப்பில் இருந்தது. தொழிலாளர் வக்கீல் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, அடிக்கப்பட்ட என் பக்கத்தையும் சேர்த்து, மேலே எங்கோ மனு போட்டிருக்கிறார். எப்போது வரும் என்று கேட்டேன். "தோராயமா?" என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

விசாரணை முடிந்த அன்று மாடிப்படியின் கீழே அந்த அம்மா எனக்காக நின்றிருந்தார். அண்ணன்காரர் தெருவின் எதிர்ப்பக்கம், வெயிலில், கையில் ஒரு துணிப்பையோடு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர் போல நின்றிருந்தார்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகவும் இருந்தேன்.

"அவர் போன நேரம் இப்ப மாறிடுச்சு இல்ல?" என்றார். "பையன் கேட்டுட்டே இருக்கான். ரெண்டரைன்னு சொல்லிவெச்சிருக்கேன்."

"முள் கீழ விழுந்த இடம்தான் சரியான நேரம்மா. ரெண்டு இருபத்திரண்டு."

அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அதுக்கும் அந்த நாலு உண்டா?" என்றார்.

"உண்டும்மா."

"அப்போ நாலு நிமிஷம் கூட இருந்திருக்கலாம் அவர்."

எந்த எண்ணையும் நான் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி வெளியே விட்டதில்லை. நாக்கு நுனியில் மறுபாதி வந்து நின்றது. கீழ்ப்படியில் நின்றுகொண்டு அதை அப்படியே விழுங்கினேன்.

"இருந்திருக்கலாம்மா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் தெருவைக் கடந்தார். மைத்துனரிடம் ஒன்றும் பேசவில்லை. அவர் கையிலிருந்த துணிப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கொஞ்சம் இடைவெளி விட்டு அவரும் பின்னால் போனார்.